சான்றிதழ் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கும் விதி: ஆலோசனை தேவை

வணக்கம். வெல்டிங் தரத்தைச் சோதிக்கும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். பையன்களை ஐ.எஸ்.ஓ. 9712 லெவல் 2 அல்ட்ராசோனிக் தேர்வுக்கு எங்கள் செலவில் அனுப்புகிறோம். அந்தச் சான்றிதழ் ஆளோடு போகும். வேலை மாறினாலும் செல்லும். எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில் சான்று கொடுப்பதே முதலாளிதான், வேலையை விட்டதும் அது முடிந்துவிடும். அதனால் ஐ.எஸ்.ஓ. செலவுக்கு மட்டும் நிபந்தனை வைத்திருக்கிறேன்.

பயிற்சி, தேர்வுக் கட்டணம் 36,000 ரூபாய் என்று வையுங்கள். தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து 12 மாதம். மாதம் முடிய முடிய 3,000 கழியும். 7 மாதத்தில் விலகினால் 15,000 கட்ட வேண்டும். பயிற்சி நாள் சம்பளத்தை இதில் சேர்க்கவில்லை. நாங்களே வேலையை விட்டு எடுத்தால் ஒரு ரூபாயும் கேட்க மாட்டோம். அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதும் கிடையாது, அது அவர்கள் பிழைப்பு.

ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்பதால் ரசீதில் உள்ள தொகையை மட்டுமே எழுதுகிறேன். பயிற்சிக்குப் போகும் முன்பே கையெழுத்து வாங்குகிறோம்.

சரி, என் சந்தேகம் இதுதான். தேர்வில் தவறியவர் மறுதேர்வு எழுதாமலே விலகினால் 12 மாதத்தை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது? அப்புறம், பாக்கித் தொகையைக் கடைசி சம்பளத்தில் பிடிக்கலாமா, தனியாகத்தான் வாங்க வேண்டுமா? தொழிலாளர் சட்டம் தெரிந்தவர்களும், இப்படி விதி வைத்து நடத்துகிறவர்களும் உங்கள் ஒப்பந்தத்தில் இந்த வரிகளை எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்த பேட்ச் கிளம்பும் முன் திருத்திவிட வேண்டும்.