150 ஏஎச் பேட்டரிக்கு 6 மணி நேரம் பேக்கப் என்று போடலாமா?

முரளி: 150 ஏஎச், 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியை ஆன்லைனில் விற்பனைக்குப் போடுகிறேன். 300 வாட்டுக்கு 6 மணி நேரம் பேக்கப் என்று எழுதலாமா?

குணா: தாராளமாக எழுதுங்கள். 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1800, அதை 300-ஆல் வகுத்தால் 6. நிறைய பேர் இப்படித்தான் போடுகிறார்கள், நீங்கள் மட்டும் குறைத்துப் போட்டால் யார் வாங்குவார்கள்?

சாந்தி: பெருக்கல் சரிதான் குணா, ஆனால் லேபிளில் C20 என்று இருந்தால் அந்த 150 ஏஎச் என்பது ஏழரை ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. 300 வாட் ஓடும்போது, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, பேட்டரியிலிருந்து 30 ஆம்பியருக்கு மேல் போகும், அந்த வேகத்தில் ஏறக்குறைய 120 ஏஎச்தான் வரும். 120-ஐ 12-ஆல் பெருக்கி, இன்வெர்ட்டருக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது 1150 வாட் அவர். 4 மணி நேரம்கூட வராது, அதுவும் புது பேட்டரி, முழு சார்ஜில் இருந்தால்.

சாந்தி: நான் பேட்டரி சர்வீஸ் செய்கிறேன். பேட்டரி கெட்டுப்போச்சு என்று ஒருவர் கொண்டுவந்தார், வாங்கி ஒரு மாதம்தான். ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தால் ஆறு செல்லும் ஒரே மாதிரி 1240-இல் நிற்கிறது, லோடு கொடுத்தாலும் வோல்டேஜ் சட்டென்று இறங்கவில்லை. பேட்டரி நன்றாகவே இருந்தது, 6 மணி நேரம் என்று படித்து வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

ரஹீம்: எங்கள் வீட்டில் இதே 150 ஏஎச் 8 மணி நேரம் தாங்குகிறதே?

சாந்தி: என்னென்ன ஓடுகிறது அண்ணா?

ரஹீம்: பிஎல்டிசி ஃபேன் மூன்று, எல்இடி பல்ப் ஐந்து, வைஃபை ரவுட்டர்.

சாந்தி: அது 150 வாட்டுக்குள்தான் வரும், அதனால் தாங்குகிறது. அதே மூன்றும் பழைய 75 வாட் ஃபேனாக இருந்தால் 280 வாட்டாகிவிடும், நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். முரளி, அதனால்தான் வெறும் மணிக்கணக்கு போதாது. "75 வாட் ஃபேன் 3, 9 வாட் பல்ப் 5, ரவுட்டர் 1: புது பேட்டரியில் மூன்றரை மணி நேரம்" என்று சாமான்களோடு சேர்த்து எழுதுங்கள், கணக்கில் 4 மணி நேரம் வந்தாலும் கொஞ்சம் குறைத்தே இருக்கட்டும், C20-ஐயும் போடுங்கள்.

மீனா: அப்போ 4 கேவிஏ ஸ்டெபிலைசருக்கு எத்தனை மணி நேரம் என்று போடுவது?

சாந்தி: அதில் பேட்டரியே இல்லை மீனா, கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். எந்த வோல்டேஜிலிருந்து எதுவரை தாங்கும், எதற்குப் பொருந்தும் என்று எழுதுங்கள்: "ஒன்றரை டன் ஏசிக்கு, 170 முதல் 270 வோல்ட் வரை" என்பது போல. வீட்டில் ராத்திரி 150-க்கு இறங்குகிறது என்றால் அந்த ஸ்டெபிலைசர் ஏசியை ஓட விடாது, கட் செய்துவிடும். அதையும் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

குணா: கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து விளம்பரத்தில் 6 மணி நேரம் என்று இருக்கும்போது மூன்றரையை யார் பார்ப்பார்கள்?

முரளி: இரண்டையும் போட்டுவிடவா, லோடோடு? 150 வாட்டுக்கு 8, 280 வாட்டுக்கு மூன்றரை?

சாந்தி: போடுங்கள், ஆனால் மூன்றரை மேலே இருக்கட்டும்.

குணா: 8 மேலே இருக்கட்டும் என்பேன்.