தரைத்தளத்தில் வெள்ளம்: மெயின் சுவிட்சை அணைக்க இறங்கலாமா?

மாடிப்படி: தரைத்தளத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. மெயின் சுவிட்ச் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. ரப்பர் செருப்புடன் இறங்கி அணைத்துவிடலாமா? அவசரம்.

ஈரமண்: சுவிட்ச் பலகையைத் தண்ணீர் தொட்டுவிட்டதா? கீழ்த்தள பிளக் பாயிண்ட்டுகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன? இன்வெர்ட்டர் உண்டா?

தென்றல்77: ஆர்சிசிபி இருந்தால் கவலை வேண்டாம். தண்ணீரில் மின்சாரம் கசிந்தால் அது தானாகவே விழுந்துவிடும். விழவில்லையென்றால் தண்ணீரில் மின்சாரம் இல்லை என்றே பொருள்.

பழையகம்பி: பாதி சரி, ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய பாதி விடுபட்டுவிட்டது. அந்தக் கருவி, போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டுமே பார்க்கிறது. மூழ்கிய பிளக் பாயிண்ட்டில் ஃபேஸிலிருந்து நியூட்ரலுக்குத் தண்ணீர் வழியாகவே மின்சாரம் திரும்பிவிட்டால், அதன் கணக்கில் குறைவு தெரியாது. மீட்டரிலிருந்து அந்தக் கருவி வரை வரும் கம்பியையோ அது காப்பதே இல்லை. மெயினை அணைத்த பிறகும் அந்தக் கம்பியில் மெயின் சுவிட்ச் வரை மின்சாரம் இருக்கும். உங்கள் மெயின் சுவிட்ச் அதற்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? இறங்காதீர்கள். மின் அலுவலகத்தை அழைத்து, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வருமுன், உலர்ந்த தரையில் நின்று அணைத்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது.

தென்றல்77: நீளமான மரக்குச்சியால் படியில் நின்றபடியே தள்ளிவிடலாமே?

ஈரமண்: ஈரமான மரமும் மின்சாரத்தைக் கடத்தும். மழைநாளில் எந்தக் குச்சியை உலர்ந்தது என்று நம்புவது?

தென்றல்77: நான் உலர்ந்த குச்சியைத்தான் சொன்னேன்.

பழையகம்பி: குச்சி ஆராய்ச்சியைத் தனி இழையில் நடத்துங்கள். நான் சொன்ன இரண்டு வரியைப் படிக்கவே ஆளில்லை.

வேப்பமரம்: எங்கள் வீட்டில் தண்ணீர் வடிந்து இரண்டு நாள் கழித்து மெயினைப் போட்டதும் பிரேக்கர் விழுந்தது; மின்விசிறிக் காற்றில் உலர்த்தியபின் அப்படி விழுவது நின்றுவிட்டது. இப்போது நன்றாகத்தான் இருக்கிறது.

ஈரமண்: உங்கள் அனுபவம் வெள்ளத்துக்குப் பிந்தையது, இங்கே தண்ணீர் இன்னும் நிற்கிறது. ஆனாலும் சொல்கிறேன்: மூழ்கிய பிரேக்கருக்குள் சேறு படிந்துவிடும், அது தேவையான நேரத்தில் விழாமலே போகலாம். அதை மாற்றுவதே நல்லது. ஒயரிங்கின் காப்பு கெடவில்லையா என்று எலக்ட்ரீசியன் மெகர் கருவி வைத்துப் பார்த்த பிறகே மெயினைப் போட வேண்டும்.

வேப்பமரம்: எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது வியாபாரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாடிப்படி: மன்னிக்கவும், போனில் சார்ஜ் குறைவு. பலகையின் அடிப்பகுதி நனைந்துவிட்டது. கம்பத்தில் துண்டித்துவிட்டார்கள். ஆனால் மாடியில் ஒரு விளக்கு இன்னும் எரிகிறதே?

ஈரமண்: அதற்காகத்தான் இன்வெர்ட்டர் பற்றி முதலிலேயே கேட்டேன். கம்பத்தில் துண்டித்தாலும் பேட்டரியிலிருந்து அதே வீட்டுக் கம்பிகளில் முழு மின்னழுத்தம் இருக்கும். கூரையில் சூரியத் தகடு இருந்தால் அதுவும் பகலில் தனி ஊற்று. இன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது?

மாடிப்படி: மாடியில், உலர்ந்த இடத்தில். அதன் சுவிட்சை அணைத்துவிட்டேன், விளக்கு அணைந்தது. கீழே இறங்கவில்லை.