டைம் அவுட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

கோமதி:

வணக்கம். எதைச் சொன்னாலும் "முடியாது" என்று எதிர்த்து நிற்கிற, நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்காக ஆறு வார வகுப்பு ஒன்றுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். எட்டுக் குடும்பங்கள், வாரம் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம்.

முதல் வாரம், சண்டை எதில் தொடங்கி எப்படி முடிகிறது என்று வீட்டில் குறித்துவருவது. இரண்டாம் வாரம், தினம் பத்து நிமிடம் குழந்தை விரும்பும் விளையாட்டை அதன் போக்கிலேயே கூட விளையாடுவது. அந்தப் பத்து நிமிடத்தில் கேள்வி, கட்டளை, திருத்தம் எதுவும் கிடையாது. மூன்றாம் வாரம் பாராட்டும் கட்டளையும். நான்காம் வாரம் சிணுங்கலைக் கண்டுகொள்ளாமல் விடுவது, நல்லது செய்தால் பரிசாக நட்சத்திரம் ஒட்டுகிற நட்சத்திர அட்டை. ஐந்தாவது டைம் அவுட், அதாவது சொன்னதைச் செய்யாத பிள்ளையைச் சற்று நேரம் ஓரமாக நாற்காலியில் உட்காரவைப்பது. ஆறாவது கடைவீதி, பேருந்து, சொந்தக்காரர் வீடு.

ஐந்தாம் வாரத்துக்குத் தலைப்பு வைக்க முடியாமல் நிற்கிறேன். ஒரு பழைய மொழிபெயர்ப்பில் "நேர ஒதுக்கீடு" என்று இருக்கிறது. படிக்கிறவர் குழந்தைக்கு நேரம் ஒதுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அது இரண்டாம் வாரப் பாடம்!

செல்வகுமார்:

"தனிமைப்படுத்தல்" என்று சொல்லலாமே. குழந்தையைத் தனியே உட்காரவைக்கிறோம், அவ்வளவுதானே? கொரோனாவுக்குப் பிறகு எல்லோருக்கும் பழகிய சொல். நீளம் என்றால் "ஒதுக்கிவைத்தல்".

அருள்மொழி:

செல்வகுமார் ஐயா, தனியே உட்காருவது வெளித்தோற்றம்தான். அந்த ஆங்கிலப் பெயரே ஒரு நீண்ட தொடரின் தலைப்பகுதி. நடத்தைக்கு ஊட்டமாக இருக்கிற எல்லாவற்றிலிருந்தும் சற்று நேரம் வெளியே நிற்பது என்பது முழுப் பொருள். நிறுத்தப்படுவது அந்த ஊட்டம்: அம்மாவின் பார்வை, அப்பாவின் பதில், டிவி, பொம்மை. பூட்டிய அறையில் தனியே இருக்கிற குழந்தை கதவை உதைக்க, அம்மா வெளியிலிருந்து கத்தி பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அங்கே தனிமை உண்டு, டைம் அவுட் இல்லை. கூடத்து ஓரத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி நாற்காலியில் இருக்கிற குழந்தையிடம் யாரும் பேசாமலிருந்தால் தனிமை இல்லை, டைம் அவுட் உண்டு.

"ஒதுக்கிவைத்தல்" வேண்டவே வேண்டாம். ஊரைவிட்டு ஒதுக்கிவைத்த ஞாபகம் அந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது. "விலக்கு" என்றாலும் வீட்டில் வேறு அர்த்தம்.

நூர்ஜஹான்:

நான் பள்ளி ஆசிரியை. வகுப்பில் வெளியே நிற்கவைப்பதும் முட்டி போடவைப்பதும் இதுதானே, புதுப்பெயர் எதற்கு? இன்னொன்று, என் அக்கா மகனுக்கு ஆறு வயது. வீட்டுப்பாடம் எழுது என்றால் நோட்டை வீசுவான். மூலையில் உட்காரவைத்தால் பாட்டுப் பாடிக்கொண்டு ஜாலியாக இருக்கிறான். பலிக்காத முறைக்குப் பெயர் தேடுகிறோமோ?

அருள்மொழி:

முட்டி போடவைப்பது வலியும் அவமானமும் சேர்ப்பது. இதில் எதையும் சேர்ப்பதில்லை, எடுக்க மட்டும்தான் செய்கிறோம். அதனால்தான் பெயரில் "தண்டனை" வரக் கூடாது என்கிறேன்.

உங்கள் அக்கா மகன் விஷயத்தில் ஒரு கேள்வி. மூலையிலிருந்து எழுந்தபின் அந்த வீட்டுப்பாடம் என்ன ஆனது?

நூர்ஜஹான்:

அதற்குள் இரவுச் சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். அக்கா விட்டுவிடுவாள்.

அருள்மொழி:

அப்படியானால் பையன் கணக்குச் சரியாகப் போட்டிருக்கிறான். நோட்டை வீசினால் மூன்று நிமிடம் நாற்காலி, பிறகு எழுத வேண்டியதே இல்லை. அவனுக்கு அது லாபம். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் குழுவினர் வீடுகளுக்கே போய் உட்கார்ந்து பார்த்துச் சொன்னதும் இந்தப் பொறியைத்தான். அம்மா சொல்கிறாள், பிள்ளை கத்துகிறான், அம்மா பின்வாங்குகிறாள், கத்தல் நிற்கிறது. கத்தினால் வேலை தப்பும் என்று பிள்ளை கற்கிறான், விட்டால் வீடு அமைதியாகும் என்று அம்மா கற்கிறாள்.

கோமதி, கையேட்டில் இந்த வரிசையை அப்படியே போடுங்கள். பக்கத்தில் போய், பெயர் சொல்லி, ஒரே வேலை: "கார்த்தி, நோட்டைத் திற." மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். செய்யாவிட்டால் ஒரே ஒரு எச்சரிக்கை: "திறக்கலைன்னா நாற்காலி." மறுபடி ஐந்து. அதன்பின் பேச்சில்லாமல் நாற்காலி. மூன்று நிமிடம் போதும், அதை நீட்டுவதால் பலன் கூடுவதில்லை. கடைசிச் சில நொடி அவன் சத்தமில்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கத்தல்தான் அவனை எழுப்பிவிட்டதாக ஆகும். எழுந்ததும் அறிவுரை கிடையாது, "இனிமே செய்வியா" கிடையாது. அதே குரலில், அதே கட்டளை: "நோட்டைத் திற." திறந்தால் "சொன்னதும் திறந்துட்டே" என்று ஒரு வார்த்தை. திறக்காவிட்டால் மறுபடி நாற்காலி. முதல் நாள் நான்கைந்து சுற்று போகலாம். சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் தொடங்கினால் நிச்சயம் தோற்பீர்கள்.

செல்வகுமார்:

சரி, தனிமைப்படுத்தலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். "ஆறவிடல்"? பாலை ஆறவிடுவதுபோல. ஆறுவது சினம் என்று ஔவையே சொல்லியிருக்கிறாள்.

கோமதி:

அழகான சொல். ஆனால் அது கோபம் தணிவதுதான் நோக்கம் என்று காட்டும். மெத்தையும் படப்புத்தகமும் வைத்த "அமைதி மூலை" என்று இன்னொன்று இருக்கிறது, அதற்குச் சரியாகப் பொருந்தும். நம் பிள்ளைகள் பலர் கோபமே இல்லாமல், நிதானமாக "மாட்டேன்" என்கிறவர்கள்.

எனக்குத் தோன்றியது "காய் விடுதல்". மூன்று நிமிடம் காய், பிறகு பழம். எந்தத் தாய்க்கும் விளக்க வேண்டாம்.

அருள்மொழி:

விளங்கிவிடும் என்பதுதான் சிக்கல். காய் என்றால் உறவை முறிப்பது. "அம்மா உன்கூடப் பேசமாட்டேன்" என்று ஏற்கனவே பல வீடுகளில் நடப்பதற்கு நாம் பட்டம் கட்டியதாகிவிடும். அது அரை நாள் இழுக்கும், பிள்ளை அழுது மன்னிப்புக் கேட்டால்தான் முடியும். இங்கே மன்னிப்பே கேட்கவைப்பதில்லை.

என் பரிந்துரை "ஊட்ட நிறுத்தம்". நிறுத்தம் என்றால் முன்னால் ஏதோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற பொருளும் வருகிறது. 1960களில் உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹான்ஃப் பெற்றோர் பயிற்சிக்கு வகுத்த வரிசையிலேயே விளையாட்டு முதலில், கட்டுப்பாடு பிறகுதான். இரண்டாம் வாரப் பத்து நிமிடத்தைச் செய்யாத வீட்டில் ஐந்தாம் வாரத்தில் நிறுத்துவதற்கு எதுவும் இருக்காது.

நூர்ஜஹான்:

"ஊட்ட நிறுத்தம்" என்றால் சோறு போடாமல் நிறுத்துவது என்று என் அக்கா நினைப்பாள். சத்தியமாக.

கோமதி:

நூர்ஜஹான் சொல்வது சரி, அந்த ஆபத்தை ஏற்க முடியாது. "கவன நிறுத்தம்"?

அருள்மொழி:

டிவியும் பொம்மையும் விடுபடுகின்றன. ஆனாலும் சோற்றுக்கு இது மேல். நான்காம் வாரக் கண்டுகொள்ளாமையோடு குழம்பாதபடி ஒரு வரி எழுதுங்கள்: அதில் பிள்ளை இருக்கும் இடத்திலேயே இருக்கிறான், இதில் இடம் மாறுகிறான்.

செல்வகுமார்:

கலைச்சொல் பட்டியலுக்கு "கவன நிறுத்தம்" என்று குறித்துக்கொள்கிறேன். ஆனால் "நிறுத்தம்" பேருந்துக்குப் போய்விட்ட சொல். எனக்கு முழுத் திருப்தியில்லை.

கோமதி:

பெற்றோர் கையேட்டில் "மூணு நிமிஷ நாற்காலி" என்றே போடப்போகிறேன், கலைச்சொல் நடத்துபவர் குறிப்பில் இருக்கட்டும். அட்டையில் இருந்த "பெற்றோர் மேலாண்மைப் பயிற்சி"யையும் எடுத்துவிட்டேன். பெற்றோரை மேய்க்கிற பயிற்சி என்று ஒருவர் படித்தார்.

ஒரு நடைமுறைக் கேள்வி பாக்கி. ஒற்றைக் கூடம் உள்ள வீட்டில் நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குப் பாட்டி முறுக்குக் கொடுத்துக் கண்ணைத் துடைத்துவிடுகிறார். அங்கே என்ன நிறுத்தம்?

அருள்மொழி:

ஐந்தாம் வாரத்துக்குப் பாட்டியையும் அழையுங்கள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்: கடிகாரம் பார்ப்பது. பத்து, பன்னிரண்டு வாரம் நடக்கிற வகுப்பில் இதைத் திருத்த அவகாசம் உண்டு. உங்களுக்கு ஐந்தாம் வாரம் கற்பித்தால் சரிபார்க்க ஒரே வாரம்தான் மிச்சம். நாற்காலியை நான்காம் வாரத்துக்கு முன்தள்ளி, இடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறை போன் செய்வேன் நான்.

கோமதி:

முன்தள்ளினால் நட்சத்திர அட்டைக்கு ஒரு வாரம்கூடக் கிடைக்காது. பரிசு பழகாத வீட்டில் நாற்காலி முதலில் வருவது எனக்கு உறுத்துகிறது. யோசித்து எழுதுகிறேன்.