எண்பதில வெட்டினா சோடி போயிடும்

நிரூபன்: செல்வியக்கா, பனையோலை மூடிப்பெட்டிக்கு ஈபேயில ஒராள் கேக்கிறா, இந்த விலை ஒண்டுக்கோ சோடிக்கோ எண்டு. எட்சியில சோடி எண்டு வடிவாக் கிடக்கு.

செல்வி அக்கா: ஈபேத் தலைப்பை எப்பிடி எடுத்தனீ?

நிரூபன்: எட்சித் தலைப்புக்கு ஷீட்டில `=LEFT(A2,80)` போட்டனான்.

செல்வி அக்கா: அதுதான். எட்சி 140 எழுத்து விடும், ஈபே 80. உன்ர தலைப்பு 84. வெட்டினாப் பிறகு வாலைப் பார்:

```
12 cm, Jaffna Sri Lanka, Set
```

"of 2" போயிட்டுது. இடைவெளியும் எழுத்துக் கணக்குத்தான். வெட்டாதை, A2 இலேயே இப்பிடித் திருப்பி எழுது:

```
Set of 2 Palmyra Leaf Baskets with Lids, Handwoven, 20 x 15 x 12 cm
```

67 எழுத்து. எண்ணிக்கை முன்னுக்கு வந்திட்டுது, இனி எங்க வெட்டுப்பட்டாலும் அது நிக்கும். பக்கத்து கொலத்தில `=LEN(A2)` போட்டு வை.

குகன் அண்ணை: அப்ப எல்லா இடத்துக்கும் இந்த ஒரு தலைப்பே காணுமே?

செல்வி அக்கா: தலைப்புக்குக் காணும் அண்ணை. இடறுறது கட்டாயக் கட்டங்களிலதான். ஒரு இடத்தில மெட்டீரியல் பட்டியலில பனையோலை இல்லை எண்டு ஆரோ "Bamboo" தெரிஞ்சிருக்கினம், கீழ விவரத்தில பனையோலை எண்டு கிடக்கு. வாங்கிற ஆள் எதை நம்பிறது? பட்டியலில இல்லாட்டி `Palmyra leaf` எண்டு தட்டச்சுப் பண்ண விடுதோ பாருங்கோ. விடாட்டி "Other".

நிரூபன்: நிறைக் கட்டத்துக்கு 400 கிராம் போட்டிருக்கு.

செல்வி அக்கா: அது பெட்டி மட்டுமோ, பார்சலோட சேர்த்தோ?

நிரூபன்: பார்சலோட 😬

செல்வி அக்கா: ரெண்டு கொலமாப் பிரி. பொருளின்ர நிறை வேற, அனுப்புற நிறை வேற. அங்குலத்தையும் கையால எழுதாதை. ஒரு இடத்தில 8, இன்னொண்டில 7.5 எண்டு கிடக்கு. சென்ரிமீற்றரை மட்டும் அளந்து போடு, மிச்சத்தை ஷீட் செய்யும்:

```
=ROUND(C2/2.54,1)
```

20 போட்டா 7.9 வரும்.

மாமி: பிள்ளை, என்ர ஒடியல் மாவுக்கு அமேசன் தேடுசொல் கட்டத்தில தமிழில போட்டனான். நூற்றுச் சொச்சம் எழுத்துத்தான், கூடிப்போச்சு எண்டுது. அங்க 249 எல்லோ?

செல்வி அக்கா: அது பைற் கணக்கு மாமி, எழுத்துக் கணக்கில்லை. "ஒடியல்" கண்ணுக்கு நாலு எழுத்து. கொம்பியூட்டர் விசிறியையும் புள்ளியையும் தனியா எண்ணும், அப்ப ஆறு. ஒவ்வொண்டும் 3 பைற், மொத்தம் 18. தமிழில 83 குறிதான் கொள்ளும். `LEN` இதைக் காட்டாது, அது 6 எண்டுதான் சொல்லும்.

மாமி: அப்ப புட்டு, கூழ் ரெண்டையும் எடுத்துவிடட்டோ?

செல்வி அக்கா: தலைப்பில ஏற்கெனவே இருக்கிற சொல்லுகளை முதல் எடுங்கோ மாமி.

குகன் அண்ணை: கைப்பின்னல் எல்லோ, ஒரு சென்ரிமீற்றர் கூடிக் குறையும். அதைத் தலைப்பில போடுறதோ?

செல்வி அக்கா: நான் விவரத்தின்ர முதல் வரியில போடுவன்.

நிரூபன்: போனில முதல் வரியையே ஆர் திறந்து பாக்கினம் அக்கா? மூண்டாவது படத்தில அடிமட்டத்தோட வைக்கிறன்.