ரசிகர் கூட்டத்துக்குப் பேர் வச்ச கதை: வாயில நின்னது எது, சட்டையில நின்னது எது?

கடைசி_வரிசை
மதுரை. எங்க ஊர் பேண்டு பத்தி இங்க நிறைய பேருக்குத் தெரியும், பேர் சொல்ல வேணாம். ரசிகர் குரூப்புக்கு வாட்ஸாப்ல ஓட்டு போட்டு "இசை ரசிகர் பேரவை"ன்னு முடிவாச்சு. சட்டையும் அடிச்சாச்சு. போன மாசம் கல்லூரி மைதானத்துல கச்சேரி. கடைசிப் பாட்டுக்கு முன்னாடி எங்க ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கி "சொல்லுங்க... இசை ரசிகர்..."ன்னு இழுத்தாரு. முன்னாடி நின்ன நாலஞ்சு பேர் "பேரவை"ன்னாங்க. மத்தவங்க அவரோட வாயையே பாத்துட்டு நின்னாங்க.

அந்த இடைவெளியில பின்னாடி ஒரு பையன் தகர பேரிகேடை பஸ்ஸைத் தட்டுற மாதிரி ரெண்டு தட்டு தட்டி "போலாம் ரைட்!"னு கத்துனான். பெரியார் பஸ் ஸ்டாண்டுல கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுறதப் பத்தி அவங்க ஒரு பாட்டு பாடுவாங்கல்ல, அதுல இருந்து வந்தது. நொடியில மைதானம் முழுக்கப் பிடிச்சுக்கிச்சு. டிரம்மர் கிக்ல சேந்துட்டாரு. பாடுறவரு மைக்கை நம்ம பக்கம் திருப்பிட்டு சும்மா நின்னாரு.

இப்ப சட்டையில ஒரு பேரு, வாயில ஒரு பேரு. நிர்வாகிங்க "ஓட்டு போட்டது போட்டதுதான்"ங்கிறாங்க. எனக்கு அந்தத் தகரச் சத்தம் மனசை விட்டுப் போகல. உங்க ஊர்ல எப்படி நடந்துச்சு?

பி_ஸ்டாண்ட்_குரல்
சென்னை. நேரு ஸ்டேடியத்துல கால்பந்துக்குக் கத்திக் கத்திப் பழகுனவன், இப்ப ஒரு பேண்டுக்கும் கத்துறேன். உங்க "பேரவை" ஏன் விழுந்துச்சுன்னா, கூட்டமாக் கத்தும்போது மெய்யெழுத்து செத்துடும். நெடில் மட்டும்தான் மைதானத்தைத் தாண்டும். "இசை ரசிகர்"ல எல்லாமே குறுகித்தான் ஒலிக்கும், ஊன்றிக் கத்த இடமே இல்ல. "போலாம் ரைட்"ல போ, லாம் ரெண்டும் நீளம், ரைட் வெட்டி நிக்குது, கைதட்டு சரியா அதுமேல விழும்.

எங்க பேண்டோட ரசிகர் குரூப்புக்கு முதல்ல வச்ச பேர்ல ஒன்பது எழுத்து. முதல் கச்சேரியிலயே முன் வரிசை பேரை முடிச்சு அடுத்த சுத்து ஆரம்பிக்கும்போது பின் வரிசை இன்னும் பாதியில இருந்துச்சு. காரணம் சோம்பேறித்தனம் இல்ல. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரில் இருந்து 50 மீட்டர் தள்ளி நிக்கிறவருக்கு எல்லாமே ஏழுல ஒரு பங்கு நொடி லேட்டாத்தான் கேக்கும். அவரு திருப்பிக் கத்துறது மேடைக்கு வர்றப்ப அது ரெண்டு மடங்கா ஆயிடும். நீளமான பேர் இதுல குழம்பிடும். மூணு தட்டு, கடைசியில ஒரு வெட்டு, அப்புறம் ஒரு தட்டு காலி, இப்படி இருந்தா அந்தக் காலி இடத்துல பின் வரிசை வந்து சேந்துக்கும்.

இப்ப நாங்க பேர் எடுக்கிற விதம் இதுதான். ஒரு தெருவோட இந்த முனையில பத்துப் பேர் நின்னு பேரைக் கத்துவோம். அந்த முனையில பேரே தெரியாத ஒருத்தர் காதுல விழுந்ததை எழுதணும். எழுத முடிஞ்சா அடுத்த கட்டம், குதிச்சுக்கிட்டே கத்திப் பாக்கிறது. மூச்சு வாங்குனா அந்தப் பேரை விட்டுடுவோம். வாட்ஸாப் ஓட்டுல கண்ணுக்கு அழகா இருக்கிறதுதான் ஜெயிக்கும், தொண்டையை யாரும் கேக்கிறதே இல்ல.

தங்கமீன்
திருச்சி. எங்க பேண்டோட குரூப் பேரு "வெறியன்ஸ்". கத்த நல்லாத்தான் இருக்கும், மேல சொன்ன கணக்குக்கும் சரியா வரும். ஆனா நான் மறக்காத காட்சி வேற. கச்சேரி முடிஞ்சு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு நிக்கிறோம். எங்களோட வந்த பொண்ணுங்க எல்லாரும், யாரும் யாருக்கும் சொல்லிக்காம, துப்பட்டாவையோ பையையோ நெஞ்சுக்குக் குறுக்க இழுத்து எழுத்தை மறைச்சிருந்தாங்க. பசங்க அதே சட்டையில சத்தமா பேசிச் சிரிச்சிட்டு இருந்தாங்க.

உள்ள மட்டும்தான் போட முடியும், ரோட்டுல போட முடியாதுன்னா அது எங்க பேர் இல்ல. "ன்ஸ்"னு முடியறப்பவே அது ஆம்பளைங்களுக்கு வச்ச பேரு. சொன்னேன். "அதுல எல்லாரும் அடக்கம்மா"ன்னாங்க.

பழைய_மன்றத்தான்
தம்பிகளா, நான் 80கள்ல சினிமா ரசிகர் மன்றத்துல செயலாளரா இருந்தவன். பேர் வைக்கிறது பெரிய விஷயமே இல்ல, "மன்றம்"னு போட்டா முடிஞ்சது. முதல்ல பதிவு பண்ணுங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, ஏழு பேர் இருந்தாப் போதும். தலைவர், செயலாளர், பொருளாளர் போடுங்க. துணை விதி எழுதுங்க. வருசா வருசம் பொதுக்குழு கூட்டுங்க. கணக்கை ஒழுங்கா வைங்க, மன்றம் உடையறதே கணக்குலதான். டீக்கடை பக்கத்துல ஒரு போர்டு வைங்க, இடத்துக்காரர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க. ரத்த தானம், நோட்டுப் புத்தகம்னு ரெண்டு நற்பணி பண்ணுனா ஊர்ல மரியாதை தானா வரும்.

ஒண்ணு மட்டும் பேர் விஷயமாச் சொல்றேன். "படை", "சேனை", "பேரவை" மூணையும் தொடாதீங்க. என் பேரன் கூட்டம் "படை"ன்னு ஃபிளெக்ஸ் வச்சுது. ஸ்டேஷன்ல இருந்து வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சி? எந்தச் சாதி?" பையன் கிட்டார் படத்தைக் காட்டுறான், அவரு எழுத்தை மட்டும்தான் பாக்கிறாரு. அன்னைக்குச் சாயங்காலமே போர்டு இறங்கிடுச்சு.

கடைசி_வரிசை
ஐயா, பதிவு பத்தி நான் கேக்கவே இல்ல, பாட்டு கேட்டுக் கத்துறதுக்கு யாரும் பதிவு பண்ண வேண்டியதில்ல. ஆனா "பேரவை" விஷயம் எங்களுக்கும் அப்படியே நடந்துச்சு. சட்டையைப் போட்டுட்டு ஆட்டோ ஏறுன பையன்கிட்ட "மாநாடு எங்கப்பா?"ன்னு கேட்டிருக்காங்க.

ராக்_ராசா
எல்லாரும் சுத்தி வளைக்கிறீங்க. பேண்டு பேரு உள்ள இருக்கணும், அவ்வளவுதான். கிஸ்ங்கிற ராக் பேண்டோட ரசிகர் கூட்டம் கிஸ் ஆர்மியைப் பாருங்க. 1975, அமெரிக்காவுல டெரே ஹோட்னு ஒரு சின்ன ஊரு. உள்ளூர் ரேடியோ கிஸ் பாட்டைப் போட மாட்டேங்குது. ரெண்டு விடலைப் பசங்க விடாம போன் போட்டுத் தங்களைக் "கிஸ் ஆர்மி"ன்னு சொல்லிக்கிறாங்க. ரேடியோ இறங்கி வந்துச்சு. பேண்டே அப்புறம் அந்தப் பேரை எடுத்துக்கிச்சு. "போலாம் ரைட்"டுன்னா யாருக்கு என்ன புரியும்? எந்த பேண்டுன்னு சட்டையைப் பாத்துத் தெரியணும். வலதுசாரின்னு வேற நினைச்சுப்பாங்க.

பி_ஸ்டாண்ட்_குரல்
நீங்க சொன்ன கதையே உங்களுக்கு எதிரா இருக்கு. அந்தப் பேரை ஓட்டு போட்டு எடுக்கல, ரெண்டு பசங்க சண்டை போடும்போது வாயில வந்தது. உள்ள பேண்டு பேர் இருக்கணும்னும் விதி இல்ல. சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்கு ரெண்டு ரசிகர் கூட்டம். ஒண்ணு சூப்பர் மச்சான்ஸ், ஒண்ணு பி ஸ்டாண்ட் ப்ளூஸ், அதாவது உக்கார்ற இடமும் சட்டை நிறமும். ரெண்டுலயும் அணி பேரு கிடையாது. கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு மஞ்ஞப்படை, அதாவது மஞ்சள் படை, அதுலயும் அணி பேரு இல்ல. யார்னு எல்லாருக்கும் தெரியும்.

கிஸ் ஓரெழுத்து மாதிரி டக்குனு முடியும், அதனால பின்னாடி ஆர்மி ஒட்டுச்சு. நம்ம பேண்டுங்க பேரு பாதி நாலு அசை. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு ஒட்டுனா மூச்சு போயிடும். ஆர்மி, படைன்னு தமிழ்ல வச்சா என்ன ஆகும்னு மேல ஐயா சொல்லிட்டாரு.

பின்னலாடை_ஊர்க்காரன்
திருப்பூர். பேண்டு எதுவும் எனக்குத் தெரியாது, சட்டை தெரியும். ஒரு காலேஜ் குரூப் "போ"ல ஆரம்பிக்கிற பேரோட வந்தாங்க. டிசைன் பண்ணவர் பழைய சாஃப்ட்வேர்ல ஒட்டியிருக்காரு, கொம்பு எழுத்துக்கு வலது பக்கம் போய் உக்காந்துடுச்சு. அச்சு ஃபிரேம் போட்டவங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மொத்த லாட்டும் அப்படியே அடிச்சு மடிச்சு வந்துடுச்சு. பிரிச்ச பொண்ணு ஒரு சட்டையைத் தூக்கிப் பிடிச்சு எழுத்துக் கூட்டிப் படிச்சுது, படிக்க முடியல. அந்த மொகம் இன்னும் ஞாபகம் இருக்கு.

அதனால கேக்கலைன்னாலும் சொல்றேன். எழுத்தை எழுத்தா அனுப்பாதீங்க, கோட்டு வடிவமா மாத்தி அனுப்புங்க, அப்ப ஃபான்ட் மாறவே மாறாது. ஃபிரேம் எடுக்கிறதுக்கு முன்னாடி தாள்ல அச்செடுத்து, பேரே கேள்விப்படாத ஒரு தமிழ் படிக்கிறவர்கிட்ட காட்டுங்க. மெல்லிசு எழுத்து வேணாம். புள்ளி சின்னதா இருந்தா மை ஊறி அடைஞ்சுடும், "ம்" போய் "ம" ஆயிடும். புள்ளியை மட்டும் தனியாப் பெருசாக்கச் சொல்லுங்க, செஞ்சு தருவாங்க. நெஞ்சுல அடிக்கிற அகலம் பத்து பதினோரு இஞ்சுதான். பதினஞ்சு எழுத்து அதுல ஒரே வரியில போனா, எதிர்ல வர்றவருக்குப் புழு ஊர்ற மாதிரிதான் தெரியும். ரெண்டு வரியா உடையுற பேரா இருந்தா நல்லது. "போலாம்" மேல, "ரைட்" கீழ, நல்லா உக்காரும். "இசை ரசிகர் பேரவை" மூணு வரி ஆகும், வயித்துக்கு வந்துடும்.

நிறம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஃபிரேம், அதனால ஒரு நிறத்துல யோசிங்க. சட்டை நிறமும் பாத்து எடுங்க. கறுப்பும் சிவப்பும் சேந்தா ஒரு கட்சி, காவின்னா இன்னொண்ணு. டவுன் பஸ்ஸோட சேத்து யோசிக்கிறீங்கன்னா டிக்கெட் தாள் நிறம் ஒண்ணு எடுக்கலாம், ஆனா வெளிறுன நிறத்துல வெள்ளை எழுத்து தெரியாது. லாட் போகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சட்டை அடிச்சு, துவைச்சு, வெயில்ல போட்டுப் பாருங்க.

வடலி_நிழல்
யாழ்ப்பாணம். எங்கட பக்கம் பேரெல்லாம் ஆரும் வைக்கிறேல்லை. சென்ட்ரல் கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் கிரிக்கெட் விளையாடுற வடக்கின் போருக்கு பப்பரே வாத்தியம் அடிக்கேக்க பெடியள் பள்ளிக்கூடப் பேரைத்தான் கத்துவாங்கள். வாத்தியம் முதல் வரும், சொல்லு பிறகுதான் வரும். ஒருக்கா ட்ரம்பெற் வாசிச்சவர் மூச்சு வாங்க நிப்பாட்டினார், அந்த இடத்தில ஒருத்தன் ஒரு சொல்லைப் போட்டான், பிறகு வருசா வருசம் அந்த இடத்தில அந்தச் சொல்லுத்தான். நீங்கள் பேரைத் தேடுறதை விட்டுட்டு, பாட்டில எங்க மூச்சு விடுகினம் எண்டு பாருங்கோ.

தங்கமீன்
@வடலி_நிழல் இது கிரிக்கெட் கதைன்னாலும் எனக்குப் பிடிச்சிருக்கு. @கடைசி_வரிசை "போலாம் ரைட்"ன்னா நான் பஸ் ஸ்டாண்டுலயே போடுவேன். அதுல ஆண் பெண் இல்ல, கண்டக்டரும் சொல்வாங்க, எங்க அம்மாவும் சொல்வாங்க. பொண்ணுங்க அளவுலயும் அடிக்கச் சொல்லுங்க, ஆம்பளை மீடியத்தை எங்ககிட்ட குடுத்துட்டு விட்டுடறாங்க.

ராக்_ராசா
சரி, கத்த நல்லா இருக்குன்னே வச்சுக்குவோம். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அந்தப் பேரு ஒரே ஒரு பாட்டுல தொங்குது. பேண்டுங்க பழைய பாட்டைப் பாடிப் பாடி அலுத்துப்போய் விட்டுடுவாங்க. பாட்டு போனா சட்டை?

கடைசி_வரிசை
அதான் எங்க நிர்வாகிங்களும் கேக்கிறாங்க. பாடுறவர்கிட்டயே கேட்டேன், "அந்தப் பாட்டை நிறுத்துறதா இல்ல, ஆனா சத்தியமும் பண்ண மாட்டேன்"னாரு. அடுத்த கச்சேரியில அதைப் பட்டியல்ல போடாமப் பாக்கலாம்னு டிரம்மர் சொல்றாரு. பாட்டே இல்லாம கூட்டம் தானா கத்துதான்னு தெரிஞ்சுடும். நிர்வாகத்துல பாதிப் பேர் இதுக்கு ஒத்துக்கல, பேரவை சட்டை இன்னும் ரெண்டு மூட்டை மிச்சம் கெடக்கு.