எஃப்பைஸ்: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் எஃப்பைஸ் என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் நோய் வருகிறது. ஏதோ ஓர் உணவின் புரதம் சேராமல், சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்துக் குழந்தை அடுத்தடுத்து வாந்தி எடுத்து, முகம் வெளுத்து, துணி போலத் துவண்டுவிடும். முழுப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'உணவுப் புரதத்தால் தூண்டப்படும் குடலழற்சி நோய்க்குறித்தொகுப்பு' என்று வருகிறது, படிப்பவருக்கு மூச்சு வாங்கும். 'தாமத உணவு ஒவ்வாமை' போதுமா?

---

ஒவ்வாமை என்றே போடக் கூடாது என்பது என் கருத்து. ஒவ்வாமை என்றால் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் தெரிந்துவிடும், இதில் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை என்கிறார்கள். அப்படியானால் இது பால் செரிக்காத கேஸ் மாதிரிதானே? 'புரத ஏலாமை' என்று வைத்துவிடலாம்.

---

சோதனை பற்றிச் சொன்னது சரி, முடிவு சரியில்லை ஐயா. நான் குழந்தை மருத்துவர். பால் செரிக்காதது சர்க்கரையை உடைக்கும் நொதி குறைவதால் வருவது, அங்கே நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கு வேலை இல்லை. எஃப்பைஸில் உண்டு, ஆனால் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருள் வழியாக அல்ல, அதனால்தான் குத்திப் பார்த்தால் தெரிவதில்லை. உடனடி ஒவ்வாமை சில நிமிடங்களிலேயே, பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள், தடிப்பு, உதடு வீக்கம், இளைப்பு என்று வெளியே காட்டிவிடும், கடுமையானால் தொடையில் அட்ரீனலின் ஊசி. எஃப்பைஸில் தடிப்பும் இல்லை, இளைப்பும் இல்லை. முதல் தேவை நரம்பு வழியாக உப்புநீர், கடுமையாகத் துவண்ட குழந்தைக்குக் கிலோவுக்கு 20 மில்லி என்று வேகமாக ஏற்றுவோம், ஆறு மாதம் தாண்டியிருந்தால் வாந்தியை நிறுத்த ஒண்டான்செட்ரான். ஒவ்வாமை என்ற சொல் இருக்கட்டும், ஆனால் அது மட்டும் இருந்தால் தாய் தடிப்பைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

---

டாக்டர் சொன்னது அப்படியே என் தங்கை மகனுக்கு நடந்தது. ஆறு மாதம், அரிசிக் கஞ்சி. நான்கைந்து முறை குடித்து ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கொடுத்தாள், பன்னிரண்டேகாலுக்கு வாந்தி ஆரம்பித்தது. எட்டு முறை எடுத்தான், கடைசியில் வெறும் பித்தம். கை கால் சில்லிட்டு, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மருத்துவமனையில் வெள்ளணு கூடியிருக்கிறது என்று ரத்தத்தில் கிருமி என நினைத்து ஆன்டிபயாடிக் போட்டார்கள். காய்ச்சல் துளியும் இல்லை, மறுநாள் விளையாடினான். இரண்டு வாரம் கழித்து மறுபடி கஞ்சி, மறுபடி சரியாக இரண்டு மணி நேரத்தில் அதே கதை. அப்போதுதான் அரிசி மேல் சந்தேகம் வந்தது. அரிசியால் இப்படி வருமென்று வீட்டில் யாரும் நம்பவில்லை. ராகி கொடுக்கலாமா என்று கேட்கத்தான் வந்தேன்.

---

அம்மா, ராகி பற்றிக் குழந்தையை நேரில் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள், ஒரு தானியத்துக்கு எஃப்பைஸ் உள்ள குழந்தைக்கு இன்னொரு தானியமும் சேராமல் போவது உண்டு. வெள்ளணு கூடுவதும் இந்த நோயிலேயே வரும், அதனால்தான் கிருமி என்று தோன்றுகிறது. பிரித்துக் காட்டியது நீங்கள் சொன்ன கடிகாரம்தான்.

---

நம்மிடம் 'மாந்தம்' என்ற சொல் இருக்கிறதே! பால் மாந்தம், சோறு மாந்தம் என்று பாட்டிமார் சொல்வது இதைத்தானே. புதிதாக எதற்கு?

---

அந்தச் சொல்லை நான் பயந்து ஒதுக்குகிறேன். மாந்தம் என்றால் வயிற்று உப்புசம் முதல் பேதிவரை எல்லாம் அடங்கும், கேட்டவுடன் கை உரை மருந்துக்குத்தான் போகும். துவண்ட குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு மருந்து உரைப்பது ஆபத்து.

'பிந்து ஒவ்வாமை' என்றும் எழுதிப் பார்த்தேன், புள்ளி என்று படித்துவிடுவார்கள். இப்போது கையில் இருப்பது 'துவள்வாந்தி'. சுடுநீர் மாதிரி வினைத்தொகை, துவளத் துவள எடுக்கும் வாந்தி. முழுதாக 'உணவுப் புரதத் துவள்வாந்தி', அதன் கீழே 'சாப்பிட்டு 1 முதல் 4 மணி நேரத்தில், தடிப்பு இல்லாமல் வரும் ஒவ்வாமை' என்று ஒரு வரி.

---

துவள்வாந்தி காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஒரு தடை மட்டும் சொல்கிறேன். பசும்பால் அல்லது சோயா பால்மாவைத் தினமும் குடிக்கும் குழந்தைகளுக்கு இதே நோய் நாள்பட்டும் வரும். அங்கே விட்டு விட்டு வாந்தி, பேதி, எடை ஏறாமை. மணிக்கணக்கும் தெரியாது, ஒரேயடியாகத் துவளவும் துவளாது. பாலை நிறுத்திச் சில நாளில் தேறிய பிறகு மறுபடி கொடுத்தால்தான் அந்த இரண்டு மணி நேர வாந்தி வெளியே வரும். அதற்கும் இந்தப் பெயர் பொருந்துமா?

---

பொருந்தாது டாக்டர். இந்தத் துண்டறிக்கை திடீரென வருவதைப் பற்றி மட்டும் என்பதால் இதில் துவள்வாந்தியே இருக்கட்டும். நாள்பட்டதற்குத் தனிச்சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.