கோழிக்கறியைக் கழுவுவது சரியா? நீங்கள் கண்டதைப் பகிருங்கள்

செல்லூர் உறுப்பினர்:
விருந்துக்குப் போயிருந்த உறவினர் வீட்டில் கண்ட ஒரு காட்சி இன்னும் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அத்தை கோழிக்கறியைத் தொட்டியில் போட்டுக் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டு அலசினார். கறியில் மோதிய தண்ணீர் பொடிப்பொடியாகத் தெறித்து, பக்கத்துத் தட்டில் ஆய்ந்து வைத்திருந்த கொத்தமல்லித் தழையின் மேல் விழுந்தது. அந்தத் தழையைத்தான் குழம்பை இறக்கிய பிறகு மேலே தூவினார்கள். உங்கள் வீடுகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

மேலூர் உறுப்பினர்:
கோழிக்கறியைக் கழுவினால் கிருமி தெறித்துப் பரவும், அதனால் கழுவக் கூடாது என்று சிலர் சொல்வது, சுத்தம் செய்து பொட்டலத்தில் வரும் கறியை வாங்குகிறவர்களுக்குச் சரியாக இருக்கலாம். எங்கள் ஊர்க் கடையில் கண்ணெதிரே அறுத்து, ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துப் பையில் போட்டுத் தருகிறார்கள். சென்ற வாரம் வாங்கிய கறியில் இறகுக் குருத்தும் உறைந்த இரத்தமும் எலும்புத் துணுக்கும் இருந்தன. இதைக் கழுவாமல் எப்படிச் சட்டியில் போடுவது? நாட்டுக்கோழியைத் தீயில் வாட்டி மஞ்சள் தடவிக் கழுவுவதுதான் எங்கள் வழக்கம். மஞ்சளும் கல் உப்பும் கிருமியைக் கொன்றுவிடும்.

திருமங்கலம் உறுப்பினர்:
விடுதிச் சமையற்கூடம் ஒன்றைக் கவனித்துவருகிறேன். மேலூர் ஐயா சொல்லும் இறகையும் இரத்தத்தையும் அகற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மஞ்சளும் உப்பும் வாடையைக் குறைக்குமே தவிர, கிருமியை அழிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. அந்த வேலையைச் செய்வது அடுப்பின் சூடுதான். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பிரியாணிக்குக் கோழியை நறுக்கிய கத்தியையும் பலகையையும் தண்ணீரில் மட்டும் அலசிவிட்டு, அவற்றிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் அரிந்தார்கள். மூன்றாம் நாள் பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. பச்சடி வேண்டாம் என்று வெறும் பிரியாணியை மட்டும் உண்ட இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோழி நன்றாக வெந்திருந்தது. வேகாத வெங்காயத்தின் மேல்தான் எங்கள் சந்தேகம் விழுந்தது. கோழியில் இருக்கும் கேம்பைலோபேக்டர் என்னும் கிருமி பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் கழித்தே நோயைக் காட்டும். அதனால் பலரும் முந்தைய இரவு உண்ட பரோட்டாவைப் பழித்துவிட்டு, உண்மையான காரணத்தைத் தவறவிடுகிறார்கள்.

வில்லாபுரம் உறுப்பினர்:
கழுவாவிட்டால் கவிச்சி வாடை போகாது என்பதைத்தானே கேட்கிறீர்கள்? நான் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பிறகே சமைப்பேன். தயிரும் சேர்த்தால் கறி பஞ்சு போல ஆகிவிடும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதாக இருந்தால் மூடியுள்ள பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வையுங்கள், இல்லாவிட்டால் நீர் வடிந்து கீழே உள்ள காய்கறியில் இறங்கிவிடும். உறையவைத்த கறியை வெளியே வைத்து இளக்காமல், முந்தைய இரவே பெட்டிக்குள் கீழே மாற்றிவிடுவது நல்லது. மிக்சியில் இஞ்சி பூண்டை அரைப்பதற்கு முன் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று என் மருமகளிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

திருமங்கலம் உறுப்பினர்:
அம்மா, கேள்வி வாடையைப் பற்றியது இல்லை. ஆனால் கீழ்த்தட்டும் கையும் பற்றி நீங்கள் சொன்னது மிகவும் சரி. அமெரிக்க வேளாண் துறை 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் தொட்டியில் கிருமி தங்கியிருந்தது. கழுவியவர்களில் 26 விழுக்காட்டினரின் பச்சைக் காய்கறிக் கலவையிலும் கிருமி ஏறியிருந்தது. ஆனால் கழுவாதவர்களிலும் 31 விழுக்காட்டினரின் கலவைக்கு அது போய்ச் சேர்ந்தது. கழுவுவதைக் கைவிட்டால் மட்டும் போதாது, கையும் கத்தியும் அதைச் சுமந்து செல்கின்றன என்பதுதான் இதிலிருந்து தெரிகிறது. கறியைத் தொட்ட விரலோடு மிளகாய்த்தூள் டப்பாவைத் திறப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

கழுவியே ஆகவேண்டிய கறியானால் நாங்கள் செய்யும் முறை இது. சாலட், தழை, தேங்காய் முதலியவற்றை முதலிலேயே அரிந்து மூடி எடுத்து வைத்துவிடுவோம். தொட்டிக்குள் ஒரு ஆழமான சட்டியை வைத்து, அதில் முன்கூட்டியே தண்ணீர் நிரப்பி, குழாயை மூடிய பிறகே கறியை மெதுவாக இறக்குவோம். தண்ணீருக்குள்ளேயே தேய்த்து, இரத்தக் கட்டிகளையும் இறகையும் எடுத்த பின், நீரைத் துளை ஓரமாகத் தெறிக்காமல் சரிப்போம். அதன் பிறகு தொட்டி, சட்டி, கத்தி, பலகை எல்லாவற்றையும் சோப்பு போட்டுத் தேய்த்துச் சுடுநீர் ஊற்றுவோம். கையை இருபது விநாடியாவது நுரை வர நன்றாகக் கழுவுவோம்.

மேலூர் உறுப்பினர்:
சட்டி முறை எனக்கு ஒப்புதலாக இருக்கிறது. ஆயினும் மஞ்சளை விடமாட்டேன். எங்கள் வீட்டில் கறியும் காயும் ஒரே அரிவாள்மனையில்தான் அரிகிறோம். அதன் மரப்பலகையில் பழைய வெட்டுத் தடங்கள் நிறைய உள்ளன. அவற்றுக்குள் இருக்கும் ஈரத்தை என்ன செய்வது?

திருமங்கலம் உறுப்பினர்:
ஆழமான தடம் விழுந்த பலகையைத் தேய்த்தாலும் உள்ளே முழுவதும் போகாது. கறிக்கென்று வேறொரு பலகை வைத்துக்கொள்வது எளிது. கழுவிய பின் வெயிலில் நன்றாகக் காயவிட்டால் கிருமி குறையும், முழுவதும் போய்விடும் என்று என்னால் உறுதி கூற முடியாது.

செல்லூர் உறுப்பினர்:
அத்தைக்கு அடுத்த ஞாயிறு ஒரு ஆழமான சட்டி கொண்டுபோகிறேன். கொத்தமல்லியைப் பற்றி எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.